லேட் பேமென்ட் வட்டி கேட்டு சப்ளையர் டெபிட் நோட் அனுப்பிட்டாரா? பில் தேதியும் கிரெடிட் நாளும் காட்டி மறுக்கறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ல சின்ன பனியன் யூனிட் வச்சிருக்கோம். அட்டைப்பெட்டி சப்ளை பண்றவர் நாலு பில்லுக்கு லேட் வட்டின்னு 13,246 ரூபாய்க்கு டெபிட் நோட் அனுப்பிட்டார். நாங்க 45 நாள் கணக்குலதான் குடுத்துட்டு வர்றோம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

உடனே போன் போட்டு சத்தம் போட வேண்டாம். அந்த 13,246 எப்படி வந்துச்சுன்னு வொர்க்கிங் கேளுங்க, அதையும் மெயில்ல கேளுங்க. எந்த பில், எந்த தேதில இருந்து எண்ணினார், எத்தனை நாள் கிரெடிட்னு எடுத்தார், பணம் எந்த தேதில வந்ததா வச்சிருக்கார், வட்டி எத்தனை சதவீதம், இந்த அஞ்சும் அதுல இருக்கணும். மொத்தமா ஒரு தொகை மட்டும் போட்டு அனுப்பினா அதுக்கு பதில் சொல்லவே முடியாது, சொன்னாலும் அது வெறும் வாய்த்தகராறாத்தான் போகும்.

வொர்க்கிங் வந்ததும் பார்த்தா பெரும்பாலும் பிரச்சனை வட்டி சதவீதத்துல இருக்காது, நாள் எண்ற இடத்துலதான் இருக்கும். அவங்க ஆபீஸ்ல டேலில உங்க லெட்ஜருக்கு கிரெடிட் பீரியட் 30 நாள்னு எப்பவோ போட்டு வச்சிருப்பாங்க, அது பில் தேதில இருந்து தானா எண்ணும், வருஷக் கடைசில ஆடிட்டர் வட்டி ரிப்போர்ட் எடுங்கன்னு சொன்னா அங்க இருக்கற பையன் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து அனுப்பிடுவான். உங்க பர்ச்சேஸ் ஆர்டர்ல 45 நாள்னு இருக்கறது அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது. அதனால இதை யாரோ ஏமாத்தறாங்கன்னு எடுத்துக்காம ரெண்டு பேர் கணக்கும் வேற வேற நாள்ல ஆரம்பிக்குதுன்னு எடுத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, அடுத்த மாசமும் அவர்கிட்டதான பாக்ஸ் வாங்கணும்.

உங்க பக்கம் பில்லுக்கு பில் எடுத்து வைக்க வேண்டியது நாலே பேப்பர்: பர்ச்சேஸ் ஆர்டர், பில், சரக்கு வந்த அன்னைக்கு கேட்ல போட்ட என்ட்ரி இல்லன்னா ஜிஆர்என், அப்புறம் யூடிஆர் நம்பரோட பேங்க் ஸ்டேட்மென்ட்.

பில்லுக்கு அடியில "30 நாளுக்கு மேல் 24% வட்டி"ன்னு பொடி எழுத்துல அச்சடிச்சிருக்காங்க. எங்க பிஓ-ல 45 நாள்னு இருக்கு. எது செல்லும்?

எது முதல்ல வந்துச்சுன்னு பாருங்க. நீங்க பிஓ அனுப்பறீங்க, அதுல ரேட், அளவு, "சரக்கு பெற்ற நாளிலிருந்து 45 நாள்" எல்லாம் இருக்கு, அவர் மறுப்பு ஒண்ணும் சொல்லாம அந்த பிஓ நம்பரையே பில்லுல போட்டு சரக்கு அனுப்பறார். அப்பவே ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் லாரியோட வர்ற பில்லுல அச்சடிச்சிருக்கற வரி, ஒருத்தர் தானா சேர்த்துக்கிட்ட நிபந்தனை, அதை நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு அவர்தான் காட்டணும்.

ஆனா இதை இரும்பு வாதம்னு நினைச்சுடாதீங்க. பில்லுல இருக்கற வட்டி வரி பத்தி கோர்ட்டுங்க எல்லா கேஸ்லயும் ஒரே மாதிரி சொல்லல. பிஓ-வே இல்லாம வருஷக்கணக்கா அந்த பில்லை வாங்கி கையெழுத்து போட்டு ஒரு தடவ கூட எதிர்ப்பு சொல்லலன்னா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்னு தீர்ப்பு வந்ததும் உண்டு. அதனால ரெண்டு விஷயம் உங்களுக்கு எதிரா திரும்பும். ஒண்ணு, பில் காப்பில உங்க ஸ்டோர் ஆள் "ஏற்றுக்கொள்ளப்பட்டது"ன்னு சீல் குத்தி கையெழுத்து போட்டிருக்கறது. அந்த சீலை மாத்தி "பெட்டி எண்ணிக்கை மட்டும் சரிபார்த்தது"ன்னு வச்சுக்கங்க, முந்நூறு ரூபா செலவு கூட ஆகாது. இன்னொண்ணு, இதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு வருஷம் அதே 24% வட்டிய சத்தமில்லாம கட்டி இருக்கறது. கட்டி இருந்தீங்கன்னா உங்க லெட்ஜரே அவருக்கு சாட்சி.

மாறா, போன வருஷ லெட்ஜர்ல நீங்க 40, 44 நாள்ல குடுத்து அவர் வட்டியே கேக்காம கணக்கு முடிச்சிருந்தா, அந்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டரை தேடி எடுங்க. அது மட்டும் போதாது, ஆனா பிஓ-வோட சேர்ந்தா நல்ல பலம்.

பிஓ-ல "45 days"னு மட்டும் இருக்கு. பில் தேதில இருந்தா, சரக்கு வந்த தேதில இருந்தா?

எழுத்துல எங்கிருந்துன்னு இருந்தா அதுதான், அதுக்கு மேல பேச்சில்ல. இல்லாட்டி சப்ளையர் பில் தேதிம்பார், நீங்க ஜிஆர்என் தேதிம்பீங்க, முன்ன எப்படி நடந்துச்சுன்னு பழைய பேமென்ட்டெல்லாம் எடுத்துப் பார்த்துதான் ஒரு முடிவுக்கு வரணும். சப்ளையர் மைக்ரோ இல்ல ஸ்மால் யூனிட்டா இருந்தா மட்டும் இதுல ஒரு வசதி இருக்கு, குறு, சிறு, நடுத்தர தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இடி சட்டம் நாளை எண்றது சரக்கு நிஜமா டெலிவரி ஆன நாள்ல இருந்து, பில் தேதியப் பத்தி அதுல பேச்சே இல்ல. அவர் அந்த சட்டத்தைக் காட்டி வட்டி கேட்டா அதே சட்டத்தோட நாள் கணக்கையும் அவர் ஏத்துக்கணும்.

சாதாரணமா பில்லும் சரக்கும் ஒரு நாள் ரெண்டு நாள் வித்தியாசத்துல வந்துடும், அப்ப பெருசா ஒண்ணும் மாறாது. மாசக் கடைசி டார்கெட்டுக்கோ வேற எதுக்கோ பில்லை முன்னாடியே போட்டுட்டு லாரி லோடு சேரட்டும்னு சரக்கை குடோன்லயே வச்சிருப்பாங்க பாருங்க, அங்கதான் ஆட்டம் மாறும். அதைப் பிடிக்கறது இ-வே பில்லுலதான். தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல போனா இ-வே பில் போட்டே ஆகணும், அதுல உருவாக்கின தேதியும் நேரமும் இருக்கும், எந்த வண்டி நம்பர்ங்கறதும் இருக்கும். பில் தேதி 10, இ-வே பில் 18, உங்க கேட் என்ட்ரி 19ன்னா, 10ந்தேதி சரக்கு கிளம்பவே இல்லன்னு அவர் போட்ட டாக்குமெண்டே சொல்லுது. உங்க கேட் ரிஜிஸ்டர் நீங்க எழுதினது, அதை அவர் சந்தேகப்படலாம். இ-வே பில் அவர் போட்டது.

எண்ற விதமும் முக்கியம். "இந்த நாளில் இருந்து"ன்னு வந்தா அந்த முதல் நாளை விட்டுட்டு அடுத்த நாளை ஒண்ணுன்னு எண்ணணும். ஜூன் 5 சரக்கு வந்தா ஜூன் 6தான் முதல் நாள், நாப்பத்தஞ்சாவது நாள் ஜூலை 20. எக்செல்ல தேதிய அப்படியே கூட்டினாலே சரியா வந்துடும்:

```
=B2+45
```

B2 கட்டத்துல சரக்கு வந்த தேதி இருக்கணும், அவ்வளவுதான். விரல் விட்டு எண்ணி ஒரு நாள் முன்னப்பின்ன போச்சுன்னா எதிராளி அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த எல்லாக் கணக்கையும் தப்புன்னுவார்.

சரி, நிஜ தேதிங்க வச்சு ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

அந்த 13,246 கணக்கையே எடுத்துக்கலாம். நாலு பில்லும் 2024 ஜூன், ஜூலைல போட்டது. பிஓ-ல சரக்கு பெற்ற நாள்ல இருந்து 45 நாள், சப்ளையர் எண்ணினது பில் தேதில இருந்து 30 நாள், வட்டி 24%.

| பில் தேதி | தொகை | சரக்கு வந்தது | பணம் போனது | சப்ளையர் சொல்ற கெடு | பிஓ படி கெடு |
|---|---|---|---|---|---|
| ஜூன் 3 | 2,40,000 | ஜூன் 5 | ஜூலை 18 | ஜூலை 3 | ஜூலை 20 |
| ஜூன் 21 | 1,85,000 | ஜூன் 22 | ஆகஸ்ட் 5 | ஜூலை 21 | ஆகஸ்ட் 6 |
| ஜூலை 10 | 3,20,000 | ஜூலை 19 | செப்டம்பர் 2 | ஆகஸ்ட் 9 | செப்டம்பர் 2 |
| ஜூலை 29 | 2,10,000 | ஜூலை 30 | செப்டம்பர் 26 | ஆகஸ்ட் 28 | செப்டம்பர் 13 |

அவர் கணக்குல முதல் பில் 15 நாள் லேட், 2,367 ரூபா. ரெண்டாவதும் 15 நாள், 1,825. மூணாவது 24 நாள், 5,050. நாலாவது 29 நாள், 4,004. கூட்டினா 13,246 சரியா வருது, அதாவது அவர் பெருக்கல்ல தப்பே பண்ணல, எண்ண ஆரம்பிச்ச இடம்தான் தப்பு.

உங்க கணக்குல முதல் பில்லுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பணம் போயிருச்சு, ரெண்டாவதுக்கு ஒரு நாள் முன்னாடி. மூணாவதுதான் சுவாரசியம், இருக்கறதுலயே பெரிய வட்டி அதுலதான், பில்லுக்கும் சரக்குக்கும் நடுவுல ஒம்போது நாள் இடைவெளி இருக்கறதும் அதுலதான். கேட்டுக்கு சரக்கு வந்த ஜூலை 19ல இருந்து எண்ணினா கெடு செப்டம்பர் 2, பணம் போனதும் அதே செப்டம்பர் 2. கெடு நாள் அன்னைக்கே குடுத்தது லேட் கிடையாது. ஆனா இந்த பில்லுக்கு நூலிழைலதான் தப்பிக்கறீங்க, அதனால இ-வே பில், கேட் என்ட்ரி, யூடிஆர் மூணையும் இதுக்கு கண்டிப்பா இணைக்கணும், மத்த ரெண்டுக்கு ஒரு காப்பி குறைஞ்சாலும் பரவால்ல.

செக் குடுத்து செட்டில் பண்ற ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை: செக் பாஸ் ஆயிருச்சுன்னா செக்கை கையில குடுத்த நாள்தான் பணம் குடுத்த நாள்ங்கறது ரொம்ப காலமா கோர்ட்டுங்க ஏத்துக்கிட்ட விஷயம். அவர் பேங்க்ல கிளியரான தேதிய வச்சு வட்டி போட்டிருந்தா அதையும் மறுக்கலாம், ஆனா செக் குடுத்ததுக்கு தேதி போட்ட ரசீது வேணும், அதை யாரும் வாங்கறதில்ல. ஆர்டிஜிஎஸ்ல இந்தத் தொல்லையே இல்ல.

நாலாவது பில் நிஜமாவே 13 நாள் லேட் ஆகியிருக்கே. அதையும் சேர்த்து மொத்தமா மறுத்துடலாமா?

வேண்டாம். மூணு பில்லை ஆதாரத்தோட மறுக்கற லெட்டர்ல நாலாவதையும் "லேட்டே இல்ல"ன்னு எழுதினீங்கன்னா அந்த ஒரு வரியை வச்சே மத்த மூணையும் கேள்வி கேப்பாங்க. லேட் ஆனதை லேட்டுன்னு எழுதுங்க, 29 நாள் இல்ல 13 நாள்தான்னு எழுதுங்க, வட்டி சதவீதம் எதுன்னு அதுக்கப்புறம் பேசுங்க.

சதவீதம் சப்ளையர் யாருங்கறதைப் பொறுத்தது. அவர் உத்யம் பதிவு பண்ணின மைக்ரோ இல்ல ஸ்மால் யூனிட்டா, தானே பாக்ஸ் தயாரிக்கறவரா இருந்தா, எம்எஸ்எம்இடி சட்டம் 16வது பிரிவு வரும்: ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டோட மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. 2024 செப்டம்பர்ல பேங்க் ரேட் 6.75%, மூணு மடங்குன்னா 20.25%. 2,10,000க்கு 13 நாளுக்கு 1,515 ரூபா வருது, ஒரு மாசம் கூட ஆகலங்கறதால வட்டிக்கு வட்டி இல்ல. பில்லுல அச்சடிச்ச 24% இங்க எடுபடாது, ஏன்னா அந்தப் பிரிவே எந்த ஒப்பந்தத்துல என்ன இருந்தாலும் இதுதான்னு சொல்லுது. ஆக 13,246 கேட்ட இடத்துல நியாயமா நிக்கறது 1,515.

அவர் அந்த சட்டத்துக்குள்ள வராதவர்னா, பிஓ-லயும் வட்டி பத்தி ஒண்ணும் இல்லன்னா, 24%க்கு நீங்க ஒத்துக்கல, ரேட்டுன்னு ஒண்ணு பேசவே இல்லன்னு நிக்கலாம். என்னைக் கேட்டா 13 நாளுக்கு ஒரு சின்னத் தொகையை நீங்களே சொல்லி முடிச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம், இந்தப் பணத்துக்கு வக்கீல் நோட்டீஸ் செலவு கூட கட்டாது.

பிஓ எல்லாம் கிடையாதுங்க. "45 நாள்ல குடுத்துடறேண்ணா"ன்னு போன்ல சொல்லி அவரும் சரின்னு சொன்னதுதான். இப்ப வட்டி கேக்கறார்.

இங்க கொஞ்சம் பயப்படத்தான் வேணும். சப்ளையர் மைக்ரோ, ஸ்மால் வகைன்னா எம்எஸ்எம்இடி சட்டத்துக்கு வாய்ப்பேச்சு கணக்குல வராது, கிரெடிட் நாள் எழுத்துல இருக்கணும். எழுத்துல இல்லன்னா சரக்கு வந்து 15 நாளோட கெடு முடிஞ்சுது. நீங்க 45ன்னு சொல்ல அவர் 30ன்னு சொல்ல, சட்டம் உங்க ரெண்டு பேரையும் விட கறாரா 15ல வந்து நிக்கும். அதனால அந்த சட்டத்தை அவர் இன்னும் எடுக்கலன்னா நீங்களா போய் அந்தப் பேச்சை எடுத்து விடாதீங்க.

எழுத்துன்னா ஸ்டாம்ப் பேப்பர் அக்ரிமெண்ட்தான் வேணும்னு இல்ல. வாட்ஸாப்ல "அண்ணா, இந்த லோடு 45 டேஸ்"னு போட்டு அவர் கட்டைவிரல் இமோஜியோ "ஓகே"யோ போட்டிருந்தா அந்த மெசேஜை நம்பர், தேதி தெரியற மாதிரி எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. அவர் அனுப்பின கொட்டேஷன்ல பேமென்ட் டெர்ம்ஸ் இருக்கும், அவரோட பழைய ஸ்டேட்மென்ட்ல "டியூ டேட்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 45 நாள் தள்ளி தேதி போட்டிருந்தா இதை விட நல்ல ஆதாரம் கிடைக்காது. தேடுங்க, முக்கால்வாசி பேர்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்கும்.

சப்ளையர் இந்த சட்டத்துக்கு வெளிய இருக்கறவர், எழுத்துல கெடுவும் இல்ல வட்டியும் இல்லன்னா உங்க நிலைமை பரவால்ல. 1978 வட்டிச் சட்டம் 3வது பிரிவுப்படி, எழுத்துல கெடு இல்லாத பாக்கிக்கு, வட்டி கேப்பேன்னு எழுத்துல நோட்டீஸ் குடுத்த தேதிக்கு அப்புறம்தான் வட்டி ஓட ஆரம்பிக்கும். பணம் முழுசா கைக்கு வந்து மாசக்கணக்கா ஆன பிறகு முதல் தடவையா வட்டி கேட்டா, எந்த நோட்டீஸ் எந்த தேதில குடுத்தீங்கன்னு நீங்க திருப்பிக் கேக்கலாம். ஆனா 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 61வது பிரிவுல கோர்ட் நினைச்சா விலை குடுக்க வேண்டிய நாள்ல இருந்து வட்டி போட இடம் இருக்கு, அதனால இதுவும் முழுப் பாதுகாப்பு இல்ல.

அவர் உத்யம் சர்டிபிகேட் வச்சிருக்கார். ஆனா 60 நாள் கிரெடிட்டுக்கு அவரே கையெழுத்து போட்டு குடுத்திருக்கார். 60ஐக் காட்டி மறுக்கலாம்ல?

முடியாது. 15வது பிரிவு எழுத்துல ஒத்துக்கிட்டாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாதுங்குது. சரக்கு வந்து 58வது நாள் குடுத்திருந்தா அவர் கையெழுத்து இருந்தாலும் 13 நாளுக்கு வட்டி ஓடும். தொண்ணூறு நாள் கிரெடிட்டுன்னு பிஓ-ல அச்சடிச்சு வச்சிருக்கற பெரிய பையர்ங்களே இந்த இடத்துல மாட்டறாங்க.

ஆனா சர்டிபிகேட்டை நல்லா பாருங்க. மீடியம்னு இருந்தா இந்த வட்டிப் பிரிவு அவருக்கு இல்ல, சப்ளையர்னு சட்டம் சொல்றது மைக்ரோவும் ஸ்மாலும் மட்டும்தான். வாங்கி விக்கற டிரேடரா இருந்தா, 2021 ஜூலைல இருந்து வியாபாரிங்களுக்கும் உத்யம் குடுக்கறாங்க, அது பேங்க் கடனுக்கான முன்னுரிமைக்கு மட்டும்னு அமைச்சகமே சொல்லியிருக்கு. நூல் கமிஷன் மண்டி ஆளு உத்யம் நம்பரைக் காட்டி மூணு மடங்கு வட்டி கேட்டா அந்த வரியைக் காட்டுங்க. பதிவு தேதியும் பாருங்க, உங்க ஆர்டருக்கு அப்புறம் எடுத்த பதிவா இருந்தா பழைய சப்ளைக்கு செல்லாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை எடுத்துக்காட்டலாம், ஆனா 2025ல இன்னொரு பெஞ்ச் இந்தக் கேள்வியை பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்கறதால இதை மட்டும் நம்பி உக்காராதீங்க.

நாங்க கரெக்டாதான் கட்டினோம், ஆனா அவர் எங்க பணத்தை பழைய பாக்கில வரவு வச்சுட்டு புது பில்லை பாக்கின்னு காட்டி வட்டி போட்டிருக்கார்.

இது ரொம்ப நடக்கும், நிறைய பேர் கவனிக்கறதில்ல. நீங்க மூணு லட்சம் அனுப்பறீங்க, எந்த பில்லுக்குன்னு சொல்லல. அவங்க டேலில `On Account`னு போட்டு வைக்கறாங்க, இல்லன்னா இருக்கறதுல பழைய பில்லுல தள்ளிடறாங்க. அந்தப் பழைய பில் ஒருவேளை நீங்க தரம் சரியில்லன்னு நிறுத்தி வச்சதா இருக்கும். அதை உங்க பணம் அடைச்சுடுச்சு, இப்ப நல்ல பில் ஒண்ணு பாக்கியா நின்னு வட்டி ஏறுது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 59வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு. பணம் குடுக்க வேண்டியவர் குடுக்கும்போதே இது இந்தக் கடனுக்குன்னு சொல்லிட்டா, அதை வாங்கிக்கிட்டவர் அதுலதான் வரவு வைக்கணும். சொல்லலன்னா 60வது பிரிவுப்படி எதுல வேணும்னாலும் வச்சுக்கற உரிமை அவருக்குப் போயிடும். அதனால ஆர்டிஜிஎஸ் ரிமார்க்ஸ்ல பில் நம்பரைப் போடுங்க, இடம் பத்தலன்னா அன்னைக்கே பில் நம்பர், தொகை, டிடிஎஸ் பிடிச்சிருந்தா அது, எல்லாம் போட்டு ஒரு பேமென்ட் அட்வைஸ் மெயில் பண்ணுங்க. உங்க டேலிலயும் `Agst Ref` போட்டு பில்லை அடைங்க. நடந்து முடிஞ்ச பேமென்ட்டுக்கு பழைய மெயில், வாட்ஸாப்ல "பில் 214க்கு அனுப்பிட்டேண்ணா"ன்னு ஒரு வரி இருந்தாலும் அதை எடுத்து ஒட்டுங்க, அது போதும்.

பெட்டில பாதி பிரிண்டிங் மங்கலா வந்துச்சு, மாத்திக் குடுக்கற வரைக்கும் பணத்தை நிறுத்தி வச்சோம். அந்த நாளுக்கும் வட்டி போட்டிருக்கார்.

எப்ப சொன்னீங்க, எப்படி சொன்னீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. சரக்கு வந்து 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லியிருந்தா, எம்எஸ்எம்இடி சட்டப்படி அவர் அந்தக் குறையைத் தீர்த்துக் குடுத்த நாள்தான் சரக்கை ஏத்துக்கிட்ட நாள், கெடு அங்க இருந்துதான் ஓடும். போன்ல திட்டினது, டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினது எதுவும் ஆகாது. 15 நாளுக்குள்ள எழுத்துல வரலன்னா டெலிவரி நாளே ஏத்துக்கிட்ட நாள். மங்கலான பெட்டிய போட்டோ எடுத்து ஒரு மெயில் தட்டறதுக்கு அஞ்சு நிமிஷம்தான், ஆனா பேக்கிங் நடக்கற அவசரத்துல யாரும் செய்யறதில்ல.

மறுப்புக் கடிதம் எப்படி எழுதறது? வக்கீல்கிட்ட போகணுமா?

இந்தத் தொகைக்கு வேண்டாம். கம்பெனி லெட்டர்ஹெட்ல நீங்களே எழுதி மெயில் பண்ணுங்க, ஒரு காப்பி ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க. கோவம், பழைய கதை, "இத்தனை வருஷ பழக்கம்" எல்லாம் உள்ள வரக்கூடாது. இந்த மாதிரி:

> ஐயா, தங்கள் டெபிட் நோட்டில் நான்கு பில்களுக்கு ரூ.13,246 தாமத வட்டி கேட்டுள்ளீர்கள். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின்படி கடன் காலம் சரக்கு பெற்ற நாளிலிருந்து 45 நாள். தங்கள் கணக்கு பில் தேதியிலிருந்து 30 நாள் என எடுக்கப்பட்டுள்ளது. இந்த நிபந்தனைக்கு நாங்கள் ஒப்புக்கொண்டதில்லை.
>
> ஜூன் 3, ஜூன் 21, ஜூலை 10 தேதியிட்ட மூன்று பில்களுக்கும் கெடுவுக்குள் பணம் செலுத்தப்பட்டுள்ளது. இவற்றுக்கான வட்டி ரூ.9,242 ஏற்கப்படவில்லை. ஜூலை 29 தேதியிட்ட பில்லில் தாமதம் 13 நாள். சட்டப்படியான 20.25% வீதத்தில் இதற்கு ரூ.1,515 மட்டும் தர இசைகிறோம். பில் வாரியான பட்டியலும் ஆதார நகல்களும் இணைத்துள்ளோம். டெபிட் நோட்டை ரத்து செய்து திருத்திய நோட் அனுப்பவும்.

மேல இருக்கற பட்டியலை ஒரே பக்கத்துல பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி அந்த பில்லோட பேப்பர்களை வரிசையா வைங்க. அவர் அக்கவுண்டன்ட் அதை எடுத்து டிக் அடிச்சுக்கிட்டே போற மாதிரி இருக்கணும். முடிவு எடுக்கறது முதலாளியா இருந்தாலும் "ஆமாண்ணா, நம்ம கணக்குதான் தப்பு"ன்னு அவர்கிட்ட சொல்லப்போறது அந்த அக்கவுண்டன்ட்தான்.

அனுப்பிட்டு போன் பண்ணுங்க. "அண்ணா, லெட்டர் அனுப்பியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க, பிஓ-ல 45ன்னு இருக்கு, உங்க பசங்க 30ன்னு போட்டுட்டாங்க, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க"ன்னு சொன்னா பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சுடும்.

லெட்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடியே டெபிட் நோட்டை ஜிஎஸ்டில ஏத்திட்டார். எங்க பக்கம் காட்டுது. என்ன பண்றது?

லேட் பேமென்ட் வட்டியும் சப்ளை மதிப்புல சேரும்னு ஜிஎஸ்டி சட்டமே சொல்றதால அவர் வரியோட டெபிட் நோட் போட்டிருப்பார், அதுல தப்பு சொல்ல முடியாது. நீங்க செய்யக்கூடாதது அதோட கிரெடிட்டை எடுக்கறது. 2024 அக்டோபர்ல இருந்து போர்ட்டல்ல ஐஎம்எஸ்னு ஒரு வசதி இருக்கு, அதுல அந்த டெபிட் நோட்டை ரிஜெக்ட் பண்ணுங்க. ஒண்ணும் பண்ணாம விட்டா ஏத்துக்கிட்டதாவே எடுத்து உங்க கிரெடிட்ல சேர்த்துடும். அப்புறம் ஒரு கையில "வட்டி தர மாட்டேன்"னு லெட்டர், இன்னொரு கையில அதே வட்டிக்கு கிரெடிட் எடுத்த ரிட்டர்ன்னு இருந்தா, உங்க மறுப்பை யாரும் நம்ப மாட்டாங்க. மாசா மாசம் ரிட்டர்ன் போடற ஆடிட்டர் ஆபீஸுக்கும் இதை முன்னாடியே சொல்லி வைங்க, அவங்க எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி அக்செப்ட் குடுத்துடுவாங்க.

உங்க புக்ஸ்லயும் அந்த 13,246ஐ செலவா என்ட்ரி போட வேண்டாம். 1,515க்கு திருத்தின நோட் வந்த பிறகு அதை மட்டும் போடுங்க, அதுவும் எம்எஸ்எம்இடி சட்ட வட்டின்னா வருமான வரில செலவா கழிக்க முடியாதுங்கறதால தனி லெட்ஜர்ல.

நான் மறுத்ததை ஏத்துக்காம அடுத்த பேமென்ட்ல கழிச்சுக்கறேங்கறார், இல்லன்னா கவுன்சிலுக்குப் போறேங்கறார்.

அடுத்த பேமென்ட்டை பில் நம்பர் போட்டு, அந்த பில் தொகைக்கு சரியா அனுப்புங்க, வட்டில வரவு வைக்க ஒப்புதல் இல்லன்னு அதே மெயில்ல ஒரு வரி சேர்த்துடுங்க. 59வது பிரிவு பத்தி மேல சொன்னது இதுக்கும் பொருந்தும்.

கவுன்சில்ங்கறது மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கான வசதியாக்க கவுன்சில், அங்க அவர் ஆன்லைன்லயே புகார் பதிவு பண்ணலாம். நோட்டீஸ் வந்தா கண்டுக்காம விட்டுடாதீங்க. முதல்ல சமரசப் பேச்சு, அது ஆகலன்னா ஆர்பிட்ரேஷன்னு போகும், அதுல உங்களுக்கு எதிரா உத்தரவு வந்துட்டா அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகறதுக்கே 75% தொகையைக் கட்டணும். அதனால பட்டியலும் பேப்பர்களும் அந்த முதல் பேச்சுலயே மேசை மேல இருக்கணும். அவர் கேக்கறது 13,246, நீங்க ஒத்துக்கிட்டது 1,515, அதையும் நோட்டீஸுக்கு முன்னாடியே ஆர்டிஜிஎஸ்ல அனுப்பி யூடிஆர் நம்பரைக் கையில வச்சிருந்தீங்கன்னா அங்க பேசறதுக்கு மிச்சம் இருக்கறது அந்த மூணு பில் மட்டும்தான்.